எட்டு வாரம் கேட்கும் ஒரு மின்னஞ்சல்

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, ஆய்வு நிறுவனங்களின் இன்பாக்ஸிலும் சிறிய தொண்டு நிறுவனங்களின் இன்பாக்ஸிலும் ஒரே சாயலில் கடிதங்கள் வந்து விழத் தொடங்கும். கோடை விடுமுறைக்கு இன்டர்ன்ஷிப் கேட்டுக் கல்லூரி மாணவர்கள் எழுதுபவை. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும் அவற்றைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, நான் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். புதியவற்றைக் கற்பதில் மிகுந்த ஆர்வம் கொண்டவள். தங்களுடைய மேலான நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய வாய்ப்பளித்தால் என் திறமைகளை வளர்த்துக்கொள்வேன். ரெஸ்யூமே இணைத்துள்ளேன். சாதகமான பதிலை எதிர்நோக்குகிறேன்."

இதில் மரியாதைக்குக் குறைவில்லை, பிழையும் இல்லை. ஆனாலும் பதில் வருவதில்லை. இதைப் படிப்பவரின் இடத்திலிருந்து பார்த்தால் காரணம் தெரியும். அவர் "சரி" என்று எழுத வேண்டுமானால், எதற்குச் சரி? எந்த மாதம், எத்தனை வாரம், என்ன வேலை, அலுவலகத்துக்கு வருவாரா, வீட்டிலிருந்தே செய்வாரா, உதவித்தொகை எதிர்பார்க்கிறாரா? இத்தனையையும் அவரே கேட்டு எழுத வேண்டும். அதற்கும் முன்னால், இந்தப் பெண்ணுக்கு எந்த வேலையைக் கொடுக்கலாம் என்று அவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். யோசிக்க நேரமில்லாததால் "பிறகு பார்ப்போம்" என்று தள்ளி வைப்பார். பிறகு பார்ப்பதே இல்லை. கடிதம் யாராலும் மறுக்கப்படவில்லை. முடிவெடுக்க அதில் ஒன்றுமில்லாததால் அடியில் போய்விட்டது.

இதே மாணவி, பதில் எழுதக்கூடிய ஒரு கடிதத்தை எப்படி எழுதலாம் என்று பார்ப்போம். பேச வசதியாக ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரியில் படிக்கிறாள். ஏரி, குளங்களைப் பற்றி ஆராயும் ஒரு சிறு குழுவுக்குச் சென்னைக்கு எழுதப் போகிறாள்.

அவளிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ரெஸ்யூமேயில் சிஜிபிஏ, என்எஸ்எஸ் முகாம், இரண்டு கருத்தரங்கச் சான்றிதழ்கள் இருக்கின்றன. இவை எல்லோரிடமும் இருப்பவை. ஆனால் ஐந்தாவது செமஸ்டரில் ஒரு சிறிய வேலை செய்திருக்கிறாள். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓர் இடத்தை ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு ஒருமுறை படம் பிடிக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், ஆகவே ஒரு ஹெக்டேர் குளத்துக்கு நூறு புள்ளிகள் கிடைத்துவிடும். தன் ஊரைச் சுற்றியுள்ள ஆறு குளங்களில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தண்ணீர் எவ்வளவு பரப்பில் நின்றது என்று, கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளை வைத்து அவள் கணக்கிட்டிருக்கிறாள்.

கணக்கின் அடிப்படை எளிது. சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிரைத் தண்ணீர் விழுங்கிவிடும். பச்சை இலை அதை நன்றாகத் திருப்பி அனுப்பும். பச்சை நிற ஒளி எவ்வளவு திரும்பியது, அகச்சிவப்பு எவ்வளவு திரும்பியது என்று ஒப்பிட்டால், எந்தப் புள்ளி தண்ணீர், எது தரை என்று பிரித்துவிடலாம். ஐந்து குளங்களில் இது நன்றாக வந்தது. ஆறாவது குளம் கரை தொட நிரம்பியிருந்ததை அவளே நேரில் பார்த்திருக்கிறாள். கணக்கோ பாதி வற்றிவிட்டது என்றது. தண்ணீர் மேல் ஆகாயத்தாமரை படர்ந்திருந்தது, செயற்கைக்கோளுக்கு இலைதான் தெரிந்தது.

முதலில் எழுதிய வரைவில் இந்த ஆறாவது குளத்தை அவள் விட்டுவிட்டாள். தவறாகப் போனதை எழுதினால் மதிப்புக் குறையும் என்று நினைத்திருக்கலாம். மாணவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். என் கருத்தில் கடிதத்தின் உயிரே அந்தக் குளம்தான். ஐந்து குளங்களில் கணக்குச் சரியாக வந்தது என்றால், பாடப் பயிற்சியை ஒழுங்காகச் செய்திருக்கிறாள் என்று மட்டும் தெரியும். ஆறாவதில் எங்கே, ஏன் பிசகியது என்று சொன்னால், கணக்கு சொன்னதை நம்பாமல் கரைக்குப் போய்ப் பார்த்தவள் என்பது தெரியும். அந்தத் துறையில் இருப்பவர் இந்த வரியைப் படித்ததும் நிற்பார். அவரும் அதே ஆகாயத்தாமரையோடு மல்லுக்கட்டியிருப்பார்.

இனி, கேட்பது. "உங்களிடம் இன்டர்ன்ஷிப் வேண்டும்" என்பது கேள்வியாகாது. அந்தக் குழு வெளியிட்ட அறிக்கை ஒன்றை அவள் படித்திருக்கிறாள். ஜிபிஎஸ் கருவியோடு ஏரிக்கரைகளில் நடந்து, தண்ணீரின் எல்லையை நேரிலேயே குறித்து வருகிறார்கள் என்று அதில் இருந்தது. தன்னிடம் இல்லாததும் அவர்களிடம் இருப்பதும் அந்த அளவுகள்தான் என்று அவளுக்குப் புரிகிறது. கேள்வி அங்கே பிறக்கிறது. யாருக்கு எழுதுவது என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. நிறுவனத்தின் பொது முகவரிக்கு அனுப்பாமல், அறிக்கையை எழுதியவருக்கே அனுப்பலாம்.

இதோ, திருத்தி எழுதிய கடிதம்:

"பொருள்: 8 வார இன்டர்ன்ஷிப், மே 18 முதல் – ஆகாயத்தாமரை மூடிய ஏரிகளின் நீர்ப்பரப்பு

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

திருநெல்வேலியில் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள 6 குளங்களின் நீர்ப்பரப்பை, அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான சென்டினல்-2 படங்களிலிருந்து கணக்கிட்டேன். மேகம் மறைத்த நாட்களை விட்டுவிட்டேன். 5 குளங்களில் கணக்கு, நேரில் கண்டதோடு ஒத்துப்போனது. ஆறாவது குளம் நிரம்பியிருந்தும், ஆகாயத்தாமரை மூடியிருந்ததால் பாதி வற்றியதாகக் கணக்கு காட்டியது.

உங்கள் குழு ஏரிகளின் நீர் எல்லையை நேரில் நடந்து அளப்பதை அறிக்கையில் படித்தேன். ஆகாயத்தாமரை மூடிய ஏரிகளில் செயற்கைக்கோள் கணக்கு எவ்வளவு தவறுகிறது என்று அந்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன். மே 18 முதல் ஜூலை 10 வரை, 8 வாரம், முழுநேரமாக உங்கள் அலுவலகத்திலிருந்து இதைச் செய்ய அனுமதி கிடைக்குமா?

மடிக்கணினி என்னிடம் இருக்கிறது. சென்னையில் உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வேன். கல்லூரியிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கித் தருகிறேன். இந்தக் கோடையில் இயலாதென்றால், நேரில் அளந்த ஓர் ஏரியின் அளவுகளை மட்டும் தந்தால் இங்கிருந்தே ஒப்பிட்டு உங்களுக்கு அனுப்புவேன்.

ஒரு பக்க வரைபடமும் ஒரு பக்க ரெஸ்யூமேயும் இணைத்துள்ளேன்."

படித்து முடிக்க ஒரு நிமிடம் போதும். தேதி இருக்கிறது, வேலை இருக்கிறது, தங்குமிடக் கவலை இல்லை. பெறுகிறவர் "வாருங்கள்" என்றோ "ஜூனில் எங்கள் குழு களத்தில் இருக்கும், ஜூலையில் வர முடியுமா?" என்றோ ஒரே வரியில் எழுதிவிடலாம். கடைசியில் உள்ள சிறிய மாற்று வேண்டுகோளைக் கவனியுங்கள். எட்டு வாரத்துக்கு இடமில்லை என்றாலும் ஓர் ஏரியின் அளவுகளைத் தருவது பலருக்கும் எளிது. மாற்று ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. மூன்று நான்கு வழிகளை அடுக்கினால், எதைக் கேட்கிறாள் என்பதே மங்கிப்போகும்.

உதவித்தொகையைப் பற்றி அவள் எழுதவில்லை, அதுவும் சரிதான். முதல் கடிதத்தில் அதைப் பேச வேண்டியதில்லை. ஆனால் சென்னையில் தங்க இடம் இல்லாத மாணவர், உதவித்தொகை இல்லாமல் வரவே முடியாது என்றால், அதை ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது. தேதி எல்லாம் பேசி முடித்தபின் சொல்வதைவிட அது இரு தரப்புக்கும் நேர்மையானது.

அனுப்பும் நேரத்தில் நடக்கும் சில விபத்துகள் நல்ல கடிதத்தையும் கெடுத்துவிடும். அதிகம் நடப்பது கூகுள் டிரைவ் இணைப்பில். வரைபடத்தை அதில் போட்டு, பார்க்கும் அனுமதியைத் திறந்துவிட மறந்துவிடுவார்கள். பெறுகிறவர் சொடுக்கினால், அனுமதி கேட்கச் சொல்லும் திரைதான் வரும். யாரும் அதைக் கேட்டுக் காத்திருக்க மாட்டார்கள். ஒரு பக்க வரைபடத்தைப் பிடிஎஃப் ஆகவே இணைத்துவிடலாம். கோப்புக்கு `Resume_final_new(2).pdf` என்று பெயரிருந்தால், இருபது ரெஸ்யூமே சேர்ந்த ஃபோல்டரில் அது யாருடையது என்று தெரியாது. பெயரும் துறையும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். இன்னொன்று, வேறொருவருக்கு எழுதியதை நகலெடுத்து ஒட்டும்போது ஒட்டிய பகுதி மட்டும் வேறு எழுத்துருவில் நிற்கும், சில சமயம் பழைய நிறுவனத்தின் பெயரே தங்கிவிடும். எழுதியவர் கணினியில் பார்க்கும்போது இது கண்ணில் படாமல் போகலாம். முதலில் தனக்கே அனுப்பி, கைபேசியில் திறந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். பலருடைய முகவரிகளையும் ஒரே கடிதத்தில் போட்டு அனுப்புவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தன்னோடு இன்னும் முப்பது பேருக்கு இது வந்திருக்கிறது என்று பார்ப்பவர், அந்த முப்பது பேரில் யாராவது பதில் எழுதுவார்கள் என்று விட்டுவிடுவார்.

பதில் வரவில்லை என்றால் ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். அதே கடிதத்துக்குக் கீழேயே, இரண்டு வரியில். "பார்த்தீர்களா?" என்று கேட்பதைவிட, இடையில் செய்த ஏதாவது ஒன்றைச் சொல்வது மேல். "பிப்ரவரிப் படங்களையும் சேர்த்துவிட்டேன், ஆகாயத்தாமரையை அகற்றியபின் அதே குளத்தில் கணக்குச் சரியாக வருகிறது" என்றால் அது நினைவூட்டலாகவும் இருக்கும், புதுச் செய்தியாகவும் இருக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதலாம்.

எவ்வளவு நன்றாக எழுதினாலும் திறக்காத கதவுகள் உண்டு. சில பெரிய நிறுவனங்கள் கோடைக்கால மாணவர்களைத் தங்கள் அதிகாரபூர்வத் திட்டம் வழியாகவே எடுக்கின்றன. சென்னை ஐஐடிக்குத் தனியாக ஒரு கோடைத் திட்டம் இருக்கிறது. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து ஒரு கோடைக்கால ஆய்வுத் திட்டம் நடத்துகின்றன. அப்படிப்பட்ட இடங்களில் பேராசிரியர் விரும்பினாலும் விதி இடம் கொடுக்காமல் போகலாம். விண்ணப்பத் தேதி எப்போது முடிகிறது என்பதை முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். அகாடமிகளின் திட்டத்துக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், பொங்கலுக்குப் பிறகு விழித்துக்கொண்டால் முடியாது.

இன்பாக்ஸின் அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு கடிதம் வந்து, உங்களிடம் இடமில்லை என்றால், "இந்த ஆண்டு இயலாது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மாணவருக்கு மே மாதத்துக்குள் இன்னொருவரைத் தேடி எழுத வேண்டியிருக்கிறது.