மாம்பழப் பெட்டி எந்தத் தேதிக்கு வரும்?

“இமாம்பசந்த், 5 கிலோ பெட்டி. முன்பதிவு ஏப்ரல் 10 முதல் 30 வரை. அனுப்புவது மே 12 முதல் 28க்குள்.” சேலம் பக்கத்துத் தோட்டம் ஒன்று இப்படி அறிவிப்பதாக வைத்துக்கொள்வோம். பணம் கட்டுகிறவர் முதலில் கேட்பது, “அதென்ன பதினாறு நாள்? தேதியைச் சொல்லுங்க” என்பதுதான். நேர்மையான தோட்டக்காரரால் அதைச் சொல்ல முடியாது.

மாமரம் ஒரே மூச்சில் பூப்பதில்லை. ஒரு பக்கக் கிளைகள் பூத்து முடித்தபின் மறுபக்கம் பூவெடுப்பதும் உண்டு. பிஞ்சு பிடித்ததிலிருந்து காய் முற்ற, ரகத்தைப் பொறுத்து மூன்று முதல் நான்கு மாதம் வேண்டும். மூன்று மாதம் என்றே கணக்கிட்டாலும், பிப்ரவரி 12ஐ ஒட்டிப் பிடித்த பிஞ்சு மே இரண்டாம் வாரத்திலும், அந்த மாதக் கடைசியில் பிடித்தது மே கடைசியிலும்தான் பறிப்புக்கு வரும். பூத்த இடைவெளிதான் அறிவிப்பில் பதினாறு நாளாக நிற்கிறது.

முன்பதிவை ஏப்ரல் வரை தள்ளிப்போடுவதற்கும் காரணம் உண்டு. பூவைப் பார்த்து விளைச்சலைச் சொல்ல முடியாது. பூவில் பெரும்பகுதியும், பிடித்த பிஞ்சில் பாதிக்கு மேலும் உதிர்ந்துவிடும். உதிர்வு அடங்கிய பிறகுதான் மரத்தில் நிற்பதை எண்ண முடியும். அப்போதும் ஒரு கோடைக் காற்று கணக்கைக் கலைத்துவிடலாம். இமாம்பசந்த் வேறு ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி காய்க்கிற ரகமல்ல. அதனால் நிற்கும் காய் முழுவதற்கும் பணம் வாங்கும் தோட்டத்தை நான் நம்பமாட்டேன்.

பறிக்கும் நாளைக் காய்தான் சொல்லும். முற்றிய காயில் காம்பைச் சுற்றியுள்ள தோள் உப்பி எழும்பும். தண்ணீரில் போட்டால் மூழ்கும், இளங்காய் மிதக்கும். மரத்தில் ஒன்றிரண்டு தானாகப் பழுத்து விழுந்தால் பறிப்பைத் தொடங்கலாம். காம்போடு பறித்து, பால் தோலில் படாமல் வடியவிட வேண்டும். பட்ட இடம் கருத்துப்போகும்.

பெட்டியில் வருவது பழமல்ல, முற்றிய காய். வழியில் இரண்டு நாள் போக, வீட்டில் வைக்கோலிலோ காகிதத்திலோ வைத்தால் ஐந்தாறு நாளில் பழுக்கும். ஆகவே மே 25 அன்று விருந்துக்குப் பழம் வேண்டும் என்றால், 17ஆம் தேதிவாக்கில் பறித்த பெட்டியைக் கேட்க வேண்டும். பழுக்கும் முன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் குளிர் தாக்கி, பிறகு சரியாகப் பழுக்காது.

வாரம் கழிந்தும் மணம் வராமல், தோல் மட்டும் சுருங்கி, அறுத்தால் சதை வெளிறிப் புளித்தால், முற்றாத காயைப் பறித்திருக்கிறார்கள். வழியில் பழுதானதாக அதைச் சொன்னால் ஒப்புக்கொள்ளாமல், காயைப் படமெடுத்து அனுப்பி மாற்றுப் பெட்டி கேளுங்கள்.