எத்தனை பேர் அல்ல, எப்போது?

2022 நவம்பரில் அமெரிக்காவின் ஸ்ட்ரைப் நிறுவனம் 14 சதவீத ஊழியர்களை வெளியே அனுப்பியது. தேவைக்கு மீறி ஆள் எடுத்துவிட்டோம் என்று அதன் தலைவர் பேட்ரிக் காலிசன் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். பெரிய நிறுவனமே தடுமாறும் இந்தக் கணக்கில், இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஸ்டார்ட்அப் இன்னும் எளிதாகச் சறுக்கும்.

சென்னையில் 40 பேருடன் இயங்கும் ஒரு மென்பொருள் ஸ்டார்ட்அப்பை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் 70 பேர் வேண்டும். அப்படியானால் 30 பேரை எடுத்தால் போதுமா? போதாது. ஆண்டுக்குள் 6 பேர் விலகுவார்கள் என்று வைத்தால், எடுக்க வேண்டியது 36 பேர். ஆஃபர் வாங்கிய நால்வரில் ஒருவர் கடைசி நேரத்தில் வராமல் போனால், 48 பேருக்கு ஆஃபர் கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து தேதி. ஐடி துறையில் அனுபவசாலிகளுக்கு நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் 60 முதல் 90 நாள். ஏப்ரலில் வேலைக்கு வர வேண்டியவருக்கு ஜனவரியிலேயே ஆஃபர் போயிருக்க வேண்டும். சம்பளக் கணக்கும் தேதியைப் பொறுத்ததுதான். சராசரி ஆண்டுச் சம்பளம் 12 லட்சம் என்றால், 30 புதிய இடங்களுக்கு முழு ஆண்டுச் செலவு 3.6 கோடி. மாதாமாதம் சிலராகச் சேர்ந்தால் இந்த ஆண்டு அதில் பாதிக்குச் சற்று மேல்தான் ஆகும். அதைப் பார்த்து நிம்மதி அடைபவர்களுக்கு அடுத்த ஆண்டு முழுத் தொகையும் காத்திருக்கிறது.

ஆள் தேடும் செலவை முடிவு செய்வது வழிதான். கன்சல்டன்சிகள் பரவலாகக் கேட்பது ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், ஜிஎஸ்டி தனி. நம் உதாரணத்தில் 12 பேர் இந்த வழியில் வந்தால் 12 லட்சம். ஊழியர்களின் சிபாரிசில் வரும் 12 பேருக்குத் தலைக்கு 30,000 ஊக்கத்தொகை கொடுத்தால் 3.6 லட்சம். மீதி 12 பேரை நேரடியாகத் தேட வேலைவாய்ப்புத் தளங்களின் சந்தா 4 லட்சம். ரெக்ரூட்டர் ஒருவரின் சம்பளம் 8 லட்சம். மொத்தம் 27.6 லட்சம்; ஓர் ஆளுக்குச் சுமார் 77,000. லேப்டாப், நாற்காலி எல்லாம் இதில் சேராது. அவற்றைத் தனி வரியில் எழுத வேண்டும்.

கன்சல்டன்சி வழியில் வருபவர் 90 நாளுக்குள் விலகினால் பணம் வாங்காமல் மாற்று ஆள் தருவது வழக்கம். ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

திட்டம் தடம் மாறுவது மாதக் கணக்கில் தெரியும். செலவு திட்டத்தைவிடக் குறைவாகக் காட்டினால் அது சேமிப்பாக இல்லாமலும் இருக்கலாம். ஆள் வராமல் வேலை தேங்கியிருக்கக்கூடும். விற்பனை எதிர்பார்த்தபடி வராமல் ஆட்கள் மட்டும் வந்துகொண்டிருந்தால் அதைவிட ஆபத்து. அதனால் 36 இடங்களில் முதல் பாதியை மட்டும் உறுதி செய்து, மீதியை அரையாண்டு வருமானம் இலக்கைத் தொட்ட பிறகு திறப்பதே பாதுகாப்பானது. கொடுத்த ஆஃபரைத் திரும்பப் பெறுவதைவிட, கொடுக்காமல் காத்திருப்பது நிறுவனத்துக்கும் நல்லது, வேலை தேடுபவருக்கும் நல்லது.