கருப்பு டை ஏன் செம்பட்டையாகிறது?

கல்யாணத்துக்கு முந்தைய நாள் அடித்த டை, ஆல்பம் கைக்கு வரும்போது வேறு நிறத்தில் இருக்கும். முதல் வாரம் காக்கைக் கருப்பு, மூன்றாவது வாரம் காப்பிப் பொடி. அதற்கப்புறம் வெயிலில் நின்றால் காதோரம் செம்பு பளபளக்கும். ‘டூப்ளிகேட் பாக்கெட்டைக் கொடுத்துட்டான்’ என்று கடைக்காரர் மேல் பழி விழும். பெரும்பாலும் அவர் மேல் தப்பில்லை. தலையில் ஏறியது ஒரே நிறம் என்று நாம் நினைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

டை பாக்கெட்டில் கருப்பு என்று தனியாக ஒரு சாயம் இருப்பதில்லை. நீலம், சிவப்பு, பழுப்பு சாயங்கள் சரியான அளவில் ஒன்றன்மேல் ஒன்றாக முடிக்குள் உருவாகும்போது, வெளிச்சம் எந்தப் பக்கமும் தப்ப முடியாமல் கண்ணுக்குக் கருப்பாகத் தெரிகிறது. இந்தக் கூட்டணியில் முதலில் கழன்றுகொள்வது பெரும்பாலும் நீலம். நீலம் போனபின் என்ன மிஞ்சும்? சிவப்பும் பழுப்பும்தான்.

மருதாணி, அவுரி போடுகிறவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மருதாணி இலையில் இருக்கும் ஆரஞ்சுச் சிவப்புச் சாயத்தின் பெயர் லாசோன். இது முடியில் உள்ள கெரட்டின் புரதத்தோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடும். அதனால்தான் மருதாணி நிறம் லேசில் போவதில்லை. அவுரி அப்படியல்ல. அதன் இலைப்பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்ததும் அதிலிருந்து நிறமில்லாத ஒரு பொருள் வெளியே வரும். அது முடிக்குள் நுழைந்து, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் நீலமாக மாறி, அங்கேயே நீரில் கரையாத துகளாக உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்திருக்கிறதே தவிர, ஒட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஷாம்பு குளியலிலும் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து போகும். அடியிலிருக்கும் மருதாணிச் சிவப்பு மேலே தெரிய ஆரம்பிக்கும்.

அவுரியை மட்டும் நரையில் பூசினால் நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம் வரும். அதை யாரும் விரும்புவதில்லை. சிவப்பு அடித்தளம் வேண்டும் என்பதற்காகத்தான் முதல் நாள் மருதாணி, அடுத்து அவுரி என்ற வரிசையே வந்தது.

இப்படிப் போட்டவர் இரண்டு மூன்று வாரத்தில் சிவந்துவிட்டது என்று திரும்பவும் மருதாணியிலிருந்து தொடங்குவதுதான் வழக்கமான தவறு. மருதாணி முடியில் இருக்கத்தான் செய்கிறது, மேலும் மேலும் போட்டால் சிவப்புதான் கனக்கும். குறைந்திருப்பது அவுரி. எனவே புதிதாக வளர்ந்த வெள்ளை வேருக்கு மட்டும் இரண்டையும் வரிசையாகப் போட்டு, மீதி நீளத்துக்கு அவுரியை மட்டும் பூசினால் போதும். குழைத்த அவுரியை நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது. நீலம் முடிக்குள் உருவாகாமல் கிண்ணத்திலேயே உருவாகி வீணாகும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூசிவிட வேண்டும். அலசியபின் இரண்டு நாள் ஷாம்பு போடாமல் விட்டால், நீலம் முழுதாக மாறக் காற்றுக்கு அவகாசம் கிடைக்கும். அலசியதும் பச்சை மாதிரி தெரிந்தால் பதற வேண்டாம், மறுநாள் அது கருத்துவிடும்.

கடையில் வாங்கும் க்ரீம் டையில் கதை இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது. ட்யூபில் இருப்பது நிறமில்லாத சின்னச் சின்ன மூலப்பொருட்கள். பாராஃபினைலின் டயமின், சுருக்கமாக பிபிடி, இவற்றில் முக்கியமானது. அம்மோனியா முடியின் மேல் செதில்களை உப்ப வைக்கும். மூலப்பொருட்கள் உள்ளே நுழையும். டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை ஒன்றோடொன்று கோத்துப் பெரிய சாய மூலக்கூறுகளாக்கும். நுழைந்த வாசல் வழியாக அவை சுலபமாகத் திரும்பி வர முடியாது என்பதுதான் இதன் சூட்சுமம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அரைமணி, முக்கால் மணி என்ற நேரமெல்லாம் இந்தக் கோர்ப்பு முடிவதற்காக. மேலே கருத்துவிட்டதே என்று 15 நிமிடத்தில் அலசிவிட்டால், உள்ளே முழுதாகக் கோக்கப்படாத சின்ன மூலக்கூறுகள் அடுத்த சில குளியல்களில் வெளியேறிவிடும்.

ஆனால் பெராக்சைடு இன்னொரு வேலையும் பார்க்கிறது. சாயத்தைக் கோக்கும்போதே, முடியில் இயற்கையாக இருக்கும் மெலனின் என்ற கருநிறமியையும் கொஞ்சம் அரிக்கிறது. பாதி சிதைந்த மெலனின் கருப்பாகத் தெரியாது, செம்பழுப்பாகத் தெரியும். டை புதிதாக இருக்கும்வரை அதைச் சாயம் மூடியிருக்கும். சாயம் தேயும்போது அம்பலமாகும்.

ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாதி நரை, தோள்வரை முடி, மாதம் ஒருமுறை டை. வேரிலிருந்து நுனிவரை ஒவ்வொரு முறையும் குழைத்துப் பூசுகிறார். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியானால் முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள முடியின் நுனி, இரண்டரை வருடத்தில் முப்பது தடவை பெராக்சைடில் ஊறியிருக்கும். அங்கே செதில்கள் தேய்ந்துபோயிருக்கும். சாயம் ஏறவும் செய்யும், அதே வேகத்தில் இறங்கவும் செய்யும். வேர் அருகே கருகரு, நடுவில் பழுப்பு, நுனியில் செம்பட்டை என்று மூன்று நிறம் தெரிவது இதனால்தான்.

எந்தக் காரணம் என்று கண்டுபிடிக்கக் கண்ணாடி முன் வெயிலில் நின்றால் போதும். காதோரத்திலும் நெற்றி ஓரத்திலும் இருக்கும் வெள்ளை முடிகள் சிவந்திருந்தால், அவற்றில் அரிபட மெலனினே கிடையாது. ஆக, அது சாயத்தின் நீலம் போனது. நரையே இல்லாத கருமுடியின் நுனி பழுத்திருந்தால், அது பெராக்சைடின் வேலை. முதல் வகைக்கு முழு நேரம் வைப்பதும், ஷாம்புவைக் குறைப்பதும், கொதிக்கும் வெந்நீரைத் தலையில் ஊற்றாமல் இருப்பதும் உதவும். இரண்டாவது வகைக்கு வேருக்கு மட்டும் டை போட வேண்டும். நுனி மங்கியிருந்தால் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் சீப்பால் இழுத்துவிட்டால் போதும். வெயிலும் நீச்சல்குளத்துக் குளோரினும் இரண்டு வகையையும் சீக்கிரப்படுத்தும். தினமும் பைக்கில் போகிறவர்கள் தலையை மூடினால் நிறம் கூடுதலாகச் சில நாள் நிற்கும்.

சிவப்பைக் கண்டதும் பத்து நாளுக்கு ஒருமுறை முழுத் தலைக்கும் டை அடிப்பவர்கள் உண்டு. அவர்கள் சிவப்பைத் துரத்தவில்லை, வளர்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பெராக்சைடு கூடுகிறது, நுனி இன்னும் ஓட்டையாகிறது.

‘கருப்பு மருதாணி’ என்ற பெயரில் வரும் பாக்கெட்டுகளையும் கவனிக்க வேண்டும். சுத்தமான மருதாணி எத்தனை மணி நேரம் வைத்தாலும் சிவப்புதான் தரும். தண்ணீரில் கலந்து பூசி அரைமணியில் கருத்தால், அதில் பிபிடி சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் பெயர் இருக்கும். சிலருக்கு அது கடும் ஒவ்வாமை தரும். உச்சந்தலை அரிப்பில் தொடங்கி முகமே வீங்கிப்போகலாம். அதனால் இயற்கை என்று எழுதியிருந்தாலும், கலவையில் ஒரு துளியைக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ தடவி, 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் தலையில் வைக்க வேண்டும். போன வருடம் ஒத்துக்கொண்டதே என்று விட்டுவிடவும் முடியாது. பல வருடம் பழகிய டை திடீரென்று ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு.