பாதி தாண்டாத வளைவு

நம் யுபிஐ 2016-ல் தொடங்கியது. 2022-23 நிதியாண்டில் சுமார் 8,400 கோடி பரிவர்த்தனைகள். அடுத்த ஆண்டு 13,100 கோடி. 2024-25-ல் 18,600 கோடி. இது எங்கே போய் நிற்கும்?

மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, பிறகு தளரும் பரவலுக்கு லாஜிஸ்டிக் வளைவு பொருந்தும்:

```
N(t) = K / (1 + exp(-r*(t - t0)))
```

K உச்சவரம்பு, r வேகம், t0 பாதி உச்சத்தைத் தொடும் காலம். மூன்றையும் ஒரே கணக்கில் நேரடியாகக் கண்டுபிடிக்க முடியாது. கணினிக்குத் தோராய மதிப்புகளைக் கொடுத்தால், புள்ளிகளுக்கும் வளைவுக்குமான இடைவெளிகளின் வர்க்கக் கூட்டல் குறையும்வரை அது திருத்திக்கொண்டே போகும்.

சிக்கல் K-யில்தான். ஆண்டுக் கூடுதலைப் பாருங்கள்: முதலில் 4,700 கோடி, பிறகு 5,500 கோடி. கூடுதல் இன்னும் ஏறுகிறது என்றால், 2023-24-ல் பாதி தாண்டவில்லை. வளைவு சரியென்றால் K 26,000 கோடிக்கு மேல். எவ்வளவு மேல்? 40,000 என்றாலும் 60,000 என்றாலும் r, t0 நகர்ந்து சரிக்கட்டிவிடும். இதுவரையுள்ள புள்ளிகள் மேல் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓடும். பொருத்தம் அழகாக இருப்பதை நம்பி ஏமாறுவது இங்கேதான்.

யாராவது உச்சவரம்பை ஒற்றை எண்ணாகச் சொன்னால், பிழை வரம்பைக் கேளுங்கள்.