முழுக் கட்டுரையே தேடுசொல்லாகும்போது

விக்கிப்பீடியாவின் தேடல் பெட்டியில் `morelike:` என்று தட்டி, அதை ஒட்டி ஒரு கட்டுரையின் தலைப்பைக் கொடுத்தால், அதைப் போன்ற மற்றக் கட்டுரைகள் வரிசையாக வரும். தேடுகிறவர் சொற்களை யோசிக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டுரை முழுவதுமே கேள்வியாகிவிடுகிறது.

ஆனால் கட்டுரையில் இருக்கும் ஆயிரம் சொற்களையும் தேடினால் எல்லாப் பக்கங்களும் பொருந்திவிடும். எனவே லூசீன் போன்ற தேடுபொறிகள் அவற்றில் சிலவற்றை மட்டும் பொறுக்குகின்றன. ஒரு சொல் இந்தக் கட்டுரையில் அடிக்கடி வர வேண்டும்; மொத்தக் களஞ்சியத்தில் அரிதாக இருக்க வேண்டும். அரிதான சொல்லுக்குக் கூடுதல் எடை தரும் கணக்கை 1972இல் முன்வைத்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ்.

ஒரு லட்சம் கட்டுரைகள் உள்ள களஞ்சியத்தில் தேனீ பற்றிய ஒரு கட்டுரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ‘மற்றும்’ 40 முறை வருகிறது. ‘மகரந்தம்’ 12 முறைதான். ஆனால் ‘மற்றும்’ 90,000 கட்டுரைகளில் இருக்கிறது, ‘மகரந்தம்’ 100இல் மட்டுமே. மொத்தக் கட்டுரைகளைச் சொல் இடம்பெறும் கட்டுரைகளால் வகுத்து, பத்தடிமான மடக்கை எடுத்து, வரும் முறைகளால் பெருக்குவதே இக்கணக்கின் எளிய வடிவம். ‘மகரந்தம்’ 36 பெறுகிறது. ‘மற்றும்’ இரண்டைக்கூட எட்டவில்லை.

லூசீனின் மேல் கட்டப்பட்ட எலாஸ்டிக்சர்ச், வேறு எதுவும் சொல்லாவிட்டால், இப்படி முன்னிற்கும் 25 சொற்களை எடுத்துக்கொள்ளும். அவற்றில் 30 சதவீதம், அதாவது 7 சொற்களாவது இருக்கும் ஆவணங்களே முடிவில் வரும்.

அரிதானதற்கு மதிப்பு என்றால் எழுத்துப்பிழைக்குத்தானே முதலிடம்? அதைத் தடுக்கவே `min_doc_freq` என்ற வரம்பு இருக்கிறது: ஐந்து ஆவணங்களிலாவது இல்லாத சொல் கழிக்கப்படும். மூல ஆவணத்தில் இரண்டு முறையாவது வர வேண்டும் என்பது `min_term_freq`. சிறிய செய்திக்குறிப்புகளில் சிக்கல் தருவது இதுதான். நான்கு வரிக் குறிப்பில் முக்கியச் சொல் எதுவும் திரும்ப வராது. முடிவு வெறுமையாக வரும். அங்கே வரம்பை 1 ஆக்கியே தீர வேண்டும்.

தமிழில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். மகரந்தம், மகரந்தத்தை, மகரந்தத்தின் ஆகியவை கணினிக்கு மூன்று தனிச் சொற்கள். வேர்ச்சொல்லாக்கம் செய்யாமல் விட்டால், மூன்று முறை வந்த சொல்லும் ஒவ்வொன்றாகச் சிதறி வரம்புக்குக் கீழே போய்விடும்.

முடிவுகள் பொருந்தாமல் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது இயந்திரம் எந்தச் சொற்களைப் பொறுக்கியது என்பதை. லூசீனைக் கொண்டே இயங்கும் சோலரில் `mlt.interestingTerms=details&mlt.boost=true` என்று கேட்டால் சொற்களும் அவற்றின் எடையும் கிடைக்கும். அந்தப் பட்டியலில் நிருபர் பெயரோ பக்க அடிக்குறிப்போ தலைகாட்டினால், ஆவணத்திலிருந்து அவற்றை நீக்கிவிட்டுத்தான் மறுபடி தேட வேண்டும்.