பதினாறாயிரம் சம்பளம்... கைக்கு வந்தது ஏழாயிரம்!

மரக்காணம் உப்பளத்தில் கணக்கு எளிது. விடியும் முன் பாத்தியில் இறங்கி உப்பு வாரினால் கூலி. வேலை இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. சனிக்கிழமை கையில் காசு வந்துவிடும். மழை தொடங்கி பாத்திகள் மூழ்கிவிட்டால் அடுத்த கோடை வரை வருமானமும் நின்றுவிடும். 2022-ல் இருந்து அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. அதை வைத்து எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கணக்கில் வளர்ந்த பெண் ஒருத்தி, எங்கள் தெருவைச் சேர்ந்தவள், டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். மாதம் 16,000 ரூபாய். அவள் அம்மா மேஸ்திரியிடம் 12,000 ரூபாய் கடன் வாங்கி அனுப்பினார். 'ஒரே மாசத்துல அடைச்சிடலாம்' என்பது அவர் கணக்கு.

ஜூன் 11-ம் தேதி வேலையில் சேர்ந்தாள். விடுதிக்கு அட்வான்ஸ் 3,000, சாப்பாட்டோடு மாத வாடகை 5,500. மெத்தை, வாளி, போர்வை, ஷூ வாங்க 1,800. முதல் நாளே 10,300 ரூபாய் காலி. மீதி 1,700. ஊருக்கு இரண்டு முறை வந்து போனதில் 500, செல்போன் ரீசார்ஜுக்கு 300. கடைசியில் கையில் 900.

ஜூலை 7-ம் தேதி வங்கியில் ஏறிய சம்பளம் 7,340 ரூபாய்.

அம்மா போனில் கேட்டாராம், "ஏண்டி, பதினாறுன்னு சொன்னியே, பாதிகூட வரலையே? மீதிய என்ன பண்ண?" அன்று இரவு முழுக்க அழுததாக அவளே சொன்னாள். வேலை கஷ்டம் என்பதால் அல்ல, அம்மா சந்தேகப்பட்டதால். வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியிருக்கிறது.

மீதிப் பணம் எங்கே போனது? அந்த நிறுவனத்தில் வருகைப் பதிவு 26-ம் தேதி தொடங்கி 25-ம் தேதி முடிகிறது. ஜூன் 11 முதல் 25 வரை 15 நாள். அதற்கான சம்பளம் 8,000. ஜூன் 26-க்குப் பிறகு அவள் உழைத்தது ஆகஸ்ட் சம்பளத்தில்தான் வரும். அந்த 8,000-ல் அடிப்படைச் சம்பளம் 5,000. அதில் 12 சதவிகிதம், அதாவது 600 ரூபாய், பி.எஃப். மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவிகிதம், 60 ரூபாய், இ.எஸ்.ஐ. கழித்தால் சரியாக 7,340.

கிடைத்ததில் மறு மாத விடுதி வாடகை 5,500 போய்விடும். ஆக, மேஸ்திரி கடனுக்கு முதல் மாதம் ஒரு ரூபாய்கூடத் தர வழியில்லை. முழு மாதச் சம்பளம் பார்த்தது ஆகஸ்டில்தான். பிடித்தம் போக 14,680 ரூபாய்.

வேலையில் சேரும் அன்றே மனிதவளப் பிரிவில் மூன்று கேள்வி கேட்டிருந்தால் இதெல்லாம் முன்பே தெரிந்திருக்கும். வருகைப் பதிவு எந்தத் தேதியில் முடிகிறது? சம்பளம் எந்தத் தேதியில் வரும்? பிடித்தம் போக கைக்கு எவ்வளவு? கேட்கக் கூச்சமாக இருக்கும்தான். உப்பளத்தில் இதையெல்லாம் யாரும் கேட்டுப் பழகவில்லையே! மாதக் கடைசியில் சேர்ந்தால் இன்னும் சிக்கல். 24-ம் தேதி சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் இரண்டே நாளுக்குத்தான். இரண்டு மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு கிளம்புவதுதான் பாதுகாப்பு.

பிடித்த பணம் தொலைந்து போவதில்லை. பி.எஃப்.-ல் நிறுவனமும் தன் பங்கைப் போடுகிறது. ஆனால், அது உண்மையில் கட்டப்படுகிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும், முக்கியமாக ஒப்பந்ததாரர் வழியாக வேலைக்குச் சேர்ந்திருந்தால். ஒரு மாதப் பி.எஃப்.-ஐ அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். 20-ம் தேதிக்கு மேல் உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் இல்லையென்றால் உடனே கேளுங்கள். ஆதாரில் இருக்கும் பெயரும் இனிஷியலும் நிறுவனப் பதிவில் அப்படியே இருக்கின்றனவா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள். பின்னாளில் பணம் எடுக்கும்போது அலையவிடுவது பெரும்பாலும் அந்த இனிஷியல்தான்.

இ.எஸ்.ஐ.-யில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. வருமானம் குறைந்து, நம்மைச் சார்ந்திருக்கும் பெற்றோரையும் அதில் சேர்க்கலாம். வருடக்கணக்கில் உப்புநீரில் நின்று பாதம் வெடித்த அம்மாவுக்கு 60 ரூபாய்ப் பிடித்தத்தில் மருத்துவம்!

அவள் அந்த வாரமே சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். பக்கத்து வீட்டுப் பையன் வாசித்துக் காட்டினான். கடன் அக்டோபரில் அடைந்தது, பாத்திகள் மூழ்கிய அதே வாரத்தில். இப்போது மாதா மாதம் 7-ம் தேதி ஊரிலிருந்து போன் வருகிறது.

"இந்த மாசம் பி.எஃப். எவ்வளவுடி புடிச்சான்?"