காலி அறைதான் கஷ்டம்

ஓவியர்களின் இணையப் பக்கங்களிலும் கண்காட்சி அழைப்பிதழ்களிலும் ஒரே சாயலில் ஒரு கூடத்தைப் பார்த்திருப்பீர்கள். வெறும் வெள்ளைச் சுவர்கள். கூரையில் ஓடும் கறுப்புத் தடம், அதில் வரிசையாகப் பொருத்திய ஸ்பாட் விளக்குகள். நடுவில் சிற்பம் வைக்கும் வெள்ளைப் பீடங்கள். கீழே பளபளக்கும் கான்கிரீட் தரை. பல சமயம் அப்படி ஒரு கூடம் எந்த ஊரிலும் இருக்காது. யாரோ ஒருவர் பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் கட்டிய கூடம் அது. ஓவியம் இன்னும் ஈரம் காயாமல் வீட்டில் கிடக்க, அதன் புகைப்படம் மட்டும் அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதில் என்ன கஷ்டம் என்றுதான் முதலில் தோன்றும். நான்கு சுவர், ஒரு தரை, நாலைந்து பெட்டிகள். வடிவத்தை மட்டும் என்றால் அரை மணி நேரத்தில் கட்டிவிடலாம். காட்டையோ போர்க்களத்தையோ வரைபவருக்கு இலையும் புழுதியும் புகையும் உதவிக்கு வரும். தப்பை அவை மூடிவிடும். காலி அறையில் ஒளிவதற்கு இடமில்லை. அதோடு, காட்டை அதிகம் பார்க்காதவர் உண்டு, அறைக்குள் வாழாதவர் இல்லை. சுவர் மூலையில் நிழல் எப்படி விழும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் அது தப்பாக விழுந்தால் கண் உடனே முகம் சுளிக்கும்.

கணினி வரைகலையில் இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய சோதனைக்கூடம் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1984-இல் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கச் சுவர் சிவப்பு, எதிர்ப்பக்கம் வேறு நிறம், மற்றதெல்லாம் வெள்ளை. விளக்கொளி சிவப்புச் சுவரில் பட்டுத் திரும்பி வெள்ளைத் தரையில் லேசாகச் சிவப்பைப் பூசும். அந்தச் சாயல் வரும்படி கணக்குப் போட முடியுமா என்பதுதான் கேள்வி. 1986-இல் அங்கேயே இன்னொரு சோதனை செய்தார்கள். நிஜப் பெட்டி ஒன்றையும், அதையே கணக்கிட்டு வரைந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது நிஜம் என்று ஆட்களிடம் கேட்டார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் எவ்வளவு சரியாக வருமோ, அதற்கு மேல் அவர்களால் சொல்ல முடியவில்லை. அதாவது வெள்ளை அறையை நம்ப வைப்பது ஒளி எத்தனை முறை, எவ்வளவு இழப்போடு திரும்புகிறது என்ற கணக்குதான்.

புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவதும் இங்கேதான். வெள்ளைச் சுவர் என்றதும் நிறத்தை முழு வெள்ளையாக, 1.0 என்று வைத்துவிடுவார்கள். தன்மேல் விழும் ஒளியில் ஒரு துளியும் விழுங்காத சுவர் உலகில் கிடையாது. நல்ல வெள்ளை எமல்ஷன் பெயிண்ட் ஏறத்தாழ 80 முதல் 85 சதவீதம் திருப்பித் தரும். 80-க்கும் 90-க்கும் பெரிய வித்தியாசம் இல்லைபோலத் தெரியும். ஆனால் மூடிய அறைக்குள் ஒளி சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருக்கிறது. ஆறு பக்கமும் 80 சதவீத வெள்ளை என்றால், எல்லா மோதலும் கூடி, விளக்கிலிருந்து நேராக வந்த ஒளியைப்போல ஐந்து மடங்கு சேர்கிறது. 90 என்றால் பத்து மடங்கு. நிறத்தில் ஒரு சிட்டிகை கூட்டினால் அறையின் ஒளி இரட்டிப்பாகிறது. நிழலெல்லாம் கரைந்து, மூலைகள் காணாமல் போய், பால் கொட்டிய மாதிரி ஒரு படம் கிடைக்கும். சுவரை 0.8-இல் வைத்துவிட்டு, அது வெள்ளையாகத் தெரிய வேண்டிய வேலையைக் கேமராவின் எக்ஸ்போஷரிடம் விடுவதுதான் சரி.

எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் உண்டு. பிளெண்டரின் சைக்கிள்ஸ் என்ற பகுதி, மங்கலான பரப்புகளில் மோதித் திரும்பும் ஒளியை வழக்கமாக நான்கு திருப்பங்களோடு நிறுத்திக்கொள்ளும். மற்ற காட்சிகளுக்கு அது போதும். முழுக்க 80 சதவீத வெள்ளையான அறையில் அப்படி நிறுத்தினால் சேர வேண்டிய ஒளியில் மூன்றில் ஒரு பங்கு வராமலே போய்விடும். கூரை காரணமில்லாமல் அழுக்காகத் தெரியும். விளக்கைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பார்கள்; தீராது. திருப்ப எண்ணிக்கையைப் பத்துப் பன்னிரண்டாக உயர்த்தினால் தீரும், ஓவனில் வைத்த கேக்கைப்போலக் காத்திருக்க மட்டும் வேண்டும்.

இனி ஒரு கூடத்தைக் கட்டியே பார்ப்போம். நீளம் 12 மீட்டர், அகலம் 8, உயரம் 4. விளக்குத் தடம் 3.6 மீட்டர் உயரத்தில். அது சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்? அருங்காட்சியக விளக்கு வேலை செய்பவர்களின் வழக்கம், செங்குத்திலிருந்து 30 பாகை சாய்த்து அடிப்பது. அதைவிடச் செங்குத்தாக விழுந்தால் சட்டத்தின் நிழல் ஓவியத்தின் மேல் நீளமாக இறங்கும். அதைவிடச் சாய்ந்தால் பார்க்க வருபவரின் தலை நிழல் விழும், கண்ணாடி போட்ட படமானால் விளக்கே அதில் தெரியும். ஓவியத்தின் நடு 1.5 மீட்டர் உயரத்தில் என்றால் இடையே 2.1 மீட்டர், 30 பாகைக்கு அது சுவரிலிருந்து 1.2 மீட்டர் என்று வருகிறது. படத்தைப் பார்ப்பவர் யாரும் இந்தக் கணக்கைப் போடப்போவதில்லை. ஆனால் தடத்தைச் சுவரோரம் ஒட்டியோ நடு அறையிலோ வைத்தால், விளக்கு ஓரிடத்தில், வெளிச்சம் வேறிடத்தில் என்று ஒட்டாமல் நிற்கும்.

விளக்கு சுவரில் போடும் வட்டமும் கவனிக்க வேண்டியது. மென்பொருளின் சாதாரண ஸ்பாட் விளக்கு, காகிதத்தில் வெட்டிய மாதிரி ஒரு வட்டத்தைப் போடும். நிஜ விளக்கில் நடுவே ஒரு பிரகாசமான கரு, சுற்றி மங்கும் ஒரு வளையம், சில சமயம் மேலே வில் வடிவில் ஒரு விளிம்பு. விளக்குத் தயாரிப்பாளர்கள் எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளி போகிறது என்று அளந்து, IES என்ற வகைக் கோப்பாக வெளியிடுகிறார்கள். வெறும் எண்கள் நிறைந்த சிறு கோப்பு. அதை விளக்கில் இணைத்தால் சுவரில் நிஜ வட்டம் விழும். ஒளியின் நிறம் 3000 கெல்வின் அருகே, லேசாக மஞ்சள் கலந்தது. எல்லா விளக்கையும் ஒரே அளவில் திருப்பி, ஒரே பலத்தில் வைத்துவிடாதீர்கள். ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகத் திருப்புகிற மனிதரின் கை அப்படித் துல்லியமாக இருக்காது.

பீடங்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எம்.டி.எஃப் பலகையில் செய்து வெள்ளையடித்த பெட்டி, ஒரு மீட்டர் உயரம். கணினிப் பெட்டியின் விளிம்பு கத்தியைவிடக் கூர்மை. நிஜத்தில் அப்படி ஒரு விளிம்பு கிடையாது. ஒரு மில்லிமீட்டர் மழுக்கினால் போதும், விளிம்பு நெடுக மெல்லிய ஒளிக்கோடு ஓடும். அடியில் ஒரு விரல் உயரத்துக்கு உள்வாங்கிய இடைவெளி விட்டால் அங்கே ஒரு கறுப்பு நிழல் தங்கும். அது இல்லாவிட்டால் பீடம் தரையில் நிற்காது, மிதக்கும்.

தரைக்கு வருவோம். மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்கூடத் தோற்பது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம்.

மெருகேற்றிய கான்கிரீட் கண்ணாடி இல்லை. அது எவ்வளவு பிரதிபலிக்கும் என்பது நாம் பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். காலடியை நேராகக் குனிந்து பார்த்தால் மேற்பரப்பு நான்கு சதவீத ஒளியைத்தான் திருப்பும். சாம்பல் நிறக் கல் மட்டும் தெரியும். நான்கு மீட்டர் தள்ளிப் பார்த்தால் 15 சதவீதம். பத்து மீட்டர் தள்ளி, அறையின் கடைசியில், 40 சதவீதத்துக்கு மேல். ஆகவே ஒரே தரை அருகே கல்லாகவும் தூரத்தில் நீர்போலவும் இருக்க வேண்டும். மென்பொருள் இதைத் தானே செய்துவிடும். சிலர்தான் அது போதாது என்று தரைக்கு உலோகத் தன்மை கொடுத்து, காலடியிலேயே கூரை தெரியும்படி ஆக்கிவிடுகிறார்கள்.

அடுத்தது Roughness என்ற அளவு. பூஜ்யம் என்றால் கண்ணாடி, ஒன்று என்றால் சுண்ணாம்பு. இந்தத் தரைக்கு 0.25-ஐ ஒட்டி வைக்கலாம். அப்போது பீடத்தின் பிம்பத்தைப் பாருங்கள்: அடிப்பாகம் தரையைத் தொடும் இடத்தில் தெளிவாக இருக்கும், மேலே போகப் போக மங்கிக் கரையும். விளக்குகளின் பிம்பம் புள்ளியாக இராமல் நம்மை நோக்கி நீளமாக இழுபட்டிருக்கும். இந்த இரண்டும் இருந்தால் கண் பாதி சம்மதித்துவிடும். மீதிப் பாதிக்கு அந்த அளவு தரை முழுக்க ஒன்றாக இருக்கக் கூடாது. வைரத் துண்டு பதித்த வட்டுகளால் முரட்டிலிருந்து நுண்மைக்குப் படிப்படியாகத் தேய்த்துத்தான் அந்த மெருகு வருகிறது. எந்திரம் சுவரோரத்தில் சரியாக எட்டாது. நடமாடும் பாதையில் மெருகு மங்கும். எனவே 0.15-லிருந்து 0.35 வரை மெதுவாக ஏறி இறங்கும்படி ஒரு வரைபடத்தை அதற்குக் கொடுக்க வேண்டும். தரையும் தாம்பாளம்போலச் சமமாக இருக்காது. மூன்று மீட்டருக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேடு பள்ளம் சகஜம். அதைச் சேர்த்தால் பிம்பத்தின் நேர்கோடுகள் லேசாக நெளியும்.

தரையின் நிறத்துக்குப் பலரும் செய்வது, இரண்டு மீட்டர் சதுரக் கான்கிரீட் புகைப்படம் ஒன்றை எடுத்து ஒட்டுவது. நம் 12-க்கு 8 கூடத்தில் அது 24 முறை வரும். புகைப்படத்தில் ஒரு கறை இருந்தால் அதே கறை 24 இடத்தில், அணிவகுத்து நிற்கும். பொய்யைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. அடுத்த முறை இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் தரையில்தான் முதலில் தேடுங்கள்.

வெட்டுக்கோடுகளையும் மறந்துவிடுவார்கள். கான்கிரீட் காயும்போது சுருங்கும், இஷ்டத்துக்கு விரியும். விரிசலை ஒழுங்காக வரவைக்க, தளத்தின் கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு ரம்பத்தால் கோடு கிழிப்பார்கள். 15 சென்டிமீட்டர் தளத்துக்கு நான்கு மீட்டருக்கு ஒன்று சரியாக இருக்கும். நம் கூடத்தில் குறுக்கே இரண்டு, நெடுக்கே ஒன்று, ஆறு சதுரங்கள். அதற்கும் அடங்காமல் ஒரு மயிரிழை விரிசல் எங்காவது ஓடும். டோரிஸ் சால்செடோ என்ற கொலம்பியச் சிற்பி 2007-இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் கான்கிரீட் தரையில் 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு பிளவையே கலைப்படைப்பாக வைத்தார். கண்காட்சி முடிந்து அதை நிரப்பிய பிறகும் வடு அங்கே தெரிகிறது. அவ்வளவு வேண்டாம், ஒரு மீட்டர் விரிசல் போதும். அதுவும் ஒரு வெட்டுக்கோட்டின் முனையில் தொடங்கினால் பொருத்தமாக இருக்கும்.

கடைசியில் சேர்க்க வேண்டியவை அழகுக்கு எதிரானவை: சுவரின் அடியில் ஒரு பிளக் பாயிண்ட், கூரையோரம் ஏசி கிரில், கதவுக்கு மேல் பச்சை நிறத்தில் எரியும் வெளியேறும் வழிப் பலகை. பொதுமக்கள் வந்து போகும் கூடத்தில் இவை இல்லாமல் இருக்காது. படத்தைக் கேட்டவர் முதலில் எடுக்கச் சொல்வது அந்தப் பச்சைப் பலகையைத்தான். ஓவியத்திலிருந்து கண்ணைத் திருப்புகிறதாம். பலகையின் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, தரையில் விழும் அதன் பச்சைச் சாயலை அப்படியே விட்டுவைத்தால் பெரும்பாலும் மறுபடி கேட்க மாட்டார்கள்.